கழிவு யாருடையது?

செய்நிரலில் நேரும் பிழைகள் இரு வகையின. எழுத்தோ இலக்கணமோ பிசகினால், கணினி ஓட மறுத்து, இன்ன வரியில் குற்றம் என்று தானே முறையிட்டுவிடும். இது நாணயமான பிழை. மற்றது அப்படியன்று. செய்நிரல் தடையின்றி ஓடும். முடிவில் நேர்த்தியான ஓர் எண்ணை அச்சிடும். அந்த எண் பொய் என்பதை மட்டும் சொல்லாது. நாம் இங்கே ஆராயப் புகுவது இந்த இரண்டாவது வகையையே.

தர்மபுரம், பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியில் அமைந்த ஊர். வயலை நம்பிய குடும்பங்களின் பிள்ளைகளே நம் வகுப்பில் பெரும்பாலோர். ஆகவே உயர்தர வகுப்பின் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்துக்கு ஒப்படை ஒன்று வகுத்தபோது, அவர்கள் வீட்டில் நாள்தோறும் பேசப்படும் கணக்கையே எடுத்துக்கொண்டோம். நெல்லுச் சந்தைப்படுத்தும் சபை கொள்வனவு செய்யும் நெல்லில் ஈரப்பதன் 14 வீதத்தை மிஞ்சலாகாது என்பது அப்பிள்ளைகள் அறிந்த செய்தி. நாம் வகுத்த கணக்கு ஒரு தனியார் வியாபாரியைப் பற்றியது. அவர் 14 வீதத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு வீத ஈரத்துக்கும் நிறையில் ஒரு வீதம் கழிப்பார். கிலோவுக்கு 100 ரூபா கொடுப்பார். ஐந்து விவசாயிகளுக்கு அவர் கொடுக்கவேண்டிய மொத்தத் தொகை என்ன? மாணவர் குழுவொன்று பைதன் மொழியில் எழுதிக் கொணர்ந்த செய்நிரல் இது:

```python
nel = [(420, 13.5), (650, 16.0), (400, 14.0),
       (500, 15.0), (600, 12.8)]
vilai = 100
motham = 0
kazhivu = 0
for edai, eeram in nel:
    if eeram > 14:
        kazhivu = eeram - 14
    thogai = edai * (100 - kazhivu) / 100 * vilai
    motham = motham + thogai
print(motham)
```

அடைப்புக்குறிக்குள் உள்ள முதலெண் நெல்லின் நிறை. இரண்டாவது அதன் ஈரப்பதன். பெயர்களின் பொருள் வெளிப்படை. ஓட்டிப் பார்த்தால் 253800.0 என்று வருகிறது. பைதன் அறியாதவர்கூட வாசித்துவிட்டு, இதில் என்ன குறை என்றே கேட்பர். அக்குழுவும் அப்படித்தான் கேட்டது.

கணினியைத் தொடுமுன் தாளும் பென்சிலும் எடுக்கவேண்டும் என்பது இவ்வேலையின் முதல் விதி. சரியான விடை எது என்று அறியாதவனுக்குத் தவறான விடையைத் தேடும் உரிமை இல்லை. ஐவருக்கும் கையால் கணக்கிட்டோம். முதல்வர், மூன்றாமவர், ஐந்தாமவர் ஆகியோரின் நெல் வரம்புக்குள் அடங்கியது, கழிவு இல்லை. அவர்களுக்குரியவை முறையே 42000, 40000, 60000 ரூபா. இரண்டாமவருக்கு 2 வீதம் கழித்து 63700; நான்காமவருக்கு 1 வீதம் கழித்து 49500. கூட்டினால் 255200. கணினி சொன்னதோ அதனிலும் 1400 ரூபா குறைவு.

இங்கே மாணவரின் கை தானாகவே விசைப்பலகைக்குப் போகும். ஒருவன் பெருக்கல் வரியில் அடைப்புக்குறியை மாற்றிப் பார்த்தான். ஒருத்தி `>` என்பதை `>=` ஆக்கினாள். விடை அசையவில்லை. ஈரம் சரியாக 14 ஆக இருக்கும் இடத்தில் `>=` கழிவைப் பூச்சியமாக்கும் அல்லவா, மூன்றாமவரின் தொகையாவது மாறியிருக்க வேண்டுமே என்று கேட்கும் வாசகர் கூரிய பார்வை உடையவர். மூன்றாமவரின் தொகை உண்மையிலேயே மாறியிருக்கும்; மொத்தம் 800 ரூபா ஏறி 254600 ஆகியிருக்கும். அந்த மாணவி மாற்றத்தைச் சேமிக்காமலே மறுபடியும் ஓட்டியிருந்தாள். குருட்டுத் திருத்தத்தின் கேடு இதுவே: மாற்றியது பலித்ததா, மாற்றினோமா என்பதே தெரியாமற் போகிறது. சேமித்து ஓட்டியிருந்தால், பாதி நோய் தீர்ந்ததைக் கண்டு முழு நோயும் அங்கேதான் என்று நம்பியிருப்பாள். ஐந்தாமவரின் இழப்பு மறைந்தே கிடந்திருக்கும்.

ஓடும் இயந்திரத்தை நடுவழியில் நிறுத்தி, அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே தக்க வழி. இவ்வழி கணினியின் பிறப்போடு வந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1946 பெப்ரவரியில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் இயந்திரத்துக்கு, கம்பிகளைச் செருகியே வேலை ஏவினர். அதற்குச் செய்நிரல் வகுத்த ஆறு பெண்களுள் ஒருவரான பெற்றி ஹோல்பேர்ட்டன், வேண்டிய இடத்தில் ஒரு கம்பியைப் பிடுங்கி ஓட்டத்தை நிறுத்தும் முறையைக் கண்டார் என்பர். நின்ற இயந்திரத்தின் முகப்பு விளக்குகள், கூட்டல் அலகுகளில் அக்கணம் இருந்த இலக்கங்களைக் காட்டின. நிறுத்தற்புள்ளி எனப்படும் பிரேக்பொயின்ட் அந்தப் பிடுங்கிய கம்பியின் வழிவந்ததே. மாறிகளின் மதிப்பைக் கண்காணிக்கும் வசதியும் அந்த விளக்குகளின் வேலையையே இன்று செய்கிறது.

இவ்விரண்டையும் தரும் டிபக்கர் என்ற வழுநீக்கி, பைதனோடு கூடவே வருகிறது. தனியே நிறுவவேண்டியதில்லை, இணையமும் வேண்டாம். பழைய கணினியிலும் ஓடும். கட்டளைகள் இவை:

```
python -m pdb nel.py
b 10
c
display eeram
display kazhivu
display thogai
```

`b 10` என்பது பத்தாம் வரியில் நிறுத்தற்புள்ளி வைக்கிறது. `c` என்றால் அதுவரை ஓடு என்று பொருள். `display` என்பது கண்காணிப்பு. பத்தாம் வரியை ஏன் தெரிந்தோம்? ஒரு விவசாயியின் தொகை கணிக்கப்பட்டு, மொத்தத்தில் சேர்வதற்குச் சற்றுமுன் உள்ள இடம் அது. அங்கே நின்றால் ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்கலாம். ஒன்றை மட்டும் மறக்கலாகாது: நிறுத்தற்புள்ளி வைத்த வரி, நிற்கும்போது இன்னும் நடைபெறவில்லை. ஒன்பதாம் வரியில் நின்றுகொண்டு `thogai` என்னவென்று பார்த்தால், காணப்படுவது முந்திய விவசாயியின் தொகையே. இதை அறியாமல், இல்லாத பிழையைத் தேடி ஒரு மாலைப்பொழுதை இழப்போர் பலர்.

முதல் நிறுத்தத்தில் ஈரம் 13.5, கழிவு 0, தொகை 42000.0. தாளில் உள்ளதோடு ஒக்கிறது. மறுபடியும் `c`. இரண்டாம் நிறுத்தத்தில் ஈரம் 16.0, கழிவு 2.0, தொகை 63700.0. இதுவும் ஒக்கிறது. மூன்றாம் முறை `c` கொடுத்ததும் திரையில் வந்தவை இவ்வளவே:

```
-> motham = motham + thogai
display eeram: 14.0  [old: 16.0]
display thogai: 39200.0  [old: 63700.0]
```

தாளில் 40000, திரையில் 39200. பிழை பிறந்த இடம் இதுவே. ஆனால் காரணம் எங்கே? இவ்வழுநீக்கிக்கு ஒரு வழக்கம் உண்டு: மதிப்பு மாறிய மாறியை மட்டுமே அது மறுபடி காட்டும். ஈரத்தைக் காட்டுகிறது, தொகையைக் காட்டுகிறது, கழிவைப்பற்றி வாய் திறக்கவில்லை. ஆள் மாறியும் கழிவு மாறவில்லை என்பதே அந்த மௌனத்தின் பொருள். `p kazhivu` என்று கேட்டால் 2.0 என்கிறது. நெல் காய்ந்திருந்ததால் எட்டாம் வரி நடைபெறவில்லை. அது நடைபெறாதபோது கழிவைப் பூச்சியமாக்குவார் எவருமில்லை. இரண்டாமவரின் ஈரத்துக்காக விதித்த 2 வீதம் மூன்றாமவரின் தலையில் விழுந்தது. அதனால் 800 ரூபா போயிற்று. நான்காமவரின் 1 வீதம் அவ்வாறே ஐந்தாமவர்மேல் விழுந்து 600 ரூபாவைக் கொண்டுபோயிற்று. தேடிய 1400 இதுதான்.

திருத்தம் சிறியது. ஐந்தாம் வரியில் உள்ள `kazhivu = 0` என்பதைச் சுழற்சியின் உள்ளே, `if` வரிக்கு முன் கொண்டுவந்தால், ஒவ்வொரு விவசாயியும் புதுக் கணக்கோடு தொடங்குவார். விடை 255200.0 ஆகும். முன்னே சொன்ன `>=` திருத்தம் ஏன் போதாது என்பதும் இப்போது விளங்கும். அது 14.0 என்ற ஓர் எண்ணில் மட்டும் தற்செயலாகக் கழிவைப் பூச்சியமாக்கியது, காரணத்தைத் தொடவில்லை.

அக்குழு இதே செய்நிரலை முன்பு மூன்று பெயரை வைத்துச் சோதித்துச் சரியென்று கண்டிருந்தது. அதுவும் பொய்யன்று. அந்தச் சோதனையில் காய்ந்த நெல் முதலிலும் ஈரமானது பின்னும் எழுதப்பட்டிருந்தன. அவ்வரிசையில் பழைய கழிவைச் சுமக்க ஒருவரும் இல்லை. ஆகவே வரிசையை மாற்றினால் விடை மாறுகிறதா என்று பார்ப்பது, கூட்டுத்தொகைக் கணக்குகளுக்கெல்லாம் தக்க சோதனை. யார் முதலில் வந்தாலும் மொத்தம் ஒன்றாகவே இருக்கவேண்டும்.

ஐவராயின் ஒவ்வொருவராக நிறுத்தலாம், நானூறு பேராயின்? அப்போது நிறுத்தற்புள்ளிக்கு நிபந்தனை இடவேண்டும்:

```
b 10, eeram <= 14 and kazhivu > 0
```

காய்ந்த நெல்லுக்குக் கழிவு இருந்தால் மட்டும் நில் என்பது இதன் பொருள். பழைய செய்நிரலைப் புதிதாகத் தொடங்கி இதை மட்டும் இட்டபோது, மூன்றாமவரிடமும் ஐந்தாமவரிடமும் மட்டுமே நின்றது. திருத்தியதில் எங்கும் நிற்கவில்லை. நடக்கவே கூடாதது எது என்று சொல்லத் தெரிந்தவனுக்கே இந்த நிபந்தனையை எழுத முடியும்.

வழுநீக்கியின் எல்லையும் அங்கேதான் இருக்கிறது. உள்ளதை அது காட்டும். இருக்கவேண்டியதை அது அறியாது. வியாபாரியின் விதியே அநியாயமானால், அந்த அநியாயத்தை வரிக்கு வரி பிசகாமல் நிறைவேற்றுவதையும் அமைதியாகக் காட்டும்.

நமது ஒப்படையில் இழந்தது தாளில் உள்ள ரூபா. பிரிட்டனின் தபாற்கந்தோர்களில் 1999 முதல் புகுத்தப்பட்ட ஹொரைசன் என்ற கணக்கு முறைமை, இல்லாத பற்றாக்குறைகளைக் காட்டியது. அவ்வெண்களை நம்பி, சிறு தபாலகங்களை நடத்தியோர் திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டனர். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். முறைமையில் வழுக்கள் இருந்தன என்று 2019இல் நீதிமன்றம் கண்டது. அத்தீர்ப்புகளை மொத்தமாக நீக்கும் சட்டம் 2024இல்தான் வந்தது. இடையே சிறை சென்றோரும் உயிர் நீத்தோரும் உண்டு. கணக்கு ஒவ்வாதபோது, ஓட்டத்தை நிறுத்தி உள்ளே பார்க்கும் அதிகாரம் அவர்கள் கையில் இல்லை. அச்சிட்டு வந்த எண் மட்டுமே சாட்சியாக நின்றது.

நாளை இப்பிள்ளைகளுள் ஒருவர் ஏதேனுமொரு கொள்வனவு நிலையத்தில் கணினியின் முன் அமரலாம். எதிரே நிற்பவர், என் நெல் காய்ந்தது, ஏன் கழித்தீர் என்று கேட்பார். கணினி அப்படித்தான் காட்டுகிறது என்பது அதற்கு விடையாகாது. எந்த வரியில், யாருடைய ஈரம் இவர் கணக்கில் ஏறியது என்று நிறுத்திக் காட்டுவதே விடை.