‘இதை இங்க போட்டா’ என்று சார் சொன்னது

களமருதூர்ப் பக்கத்திலிருந்து கல்லூரிக்குப் போகும் தம்பி தங்கைகள் கேட்கிறார்கள்: பாடத்தை ரெக்கார்டரில் பதிந்து எழுத்தாக மாற்றிக்கொண்டால் போதாதா, ஸ்டைலஸில் எதற்குக் கை வலிக்க எழுத வேண்டும்?

நம் வகுப்புகள் பாதி தமிழ், பாதி ஆங்கிலம். குரலை எழுத்தாக்கும் செயலியில் ஒரு மொழியைத் தேர்ந்தெடுத்தால் மற்றது சிதைந்துபோகிறது. அதைவிடப் பெரிய சிக்கல் கரும்பலகை. பனிக்கட்டி உருகும்போது என்ட்ரோபி எவ்வளவு கூடும் என்று நடத்துகிறார்கள். “இதை இங்க போட்டா இருபத்திரண்டு வரும்” என்கிறார் சார். ரெக்கார்டருக்கு அவ்வளவுதான் கிடைக்கும். பலகையில் இருப்பதோ ΔS = q/T; ஒரு மோலுக்கு 6010 ஜூல், வகுத்தல் 273 கெல்வின். ‘இது’ எது, ‘இங்க’ எங்கே என்பது குரலில் இல்லை.

அதனால் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துங்கள். Samsung Notes, OneNote, Notability போன்றவற்றில் ஒலியைப் பதிந்துகொண்டே எழுதலாம். பிறகு கேட்கும்போது, எந்த வரியை எழுதுகையில் சார் என்ன பேசினார் என்பதை அங்கேயே பிடிக்கலாம். சமன்பாடு, படம், அலகு மட்டும் எழுதுங்கள். புரியாத இடத்தில் ஒரு நட்சத்திரம். இரவில் நட்சத்திரம் போட்ட இடங்களை மட்டும் கேட்டு, விளக்கத்தைச் சொந்த வரியில் எழுதிவிடுங்கள்.

குரல் தெளிவாகப் பதிய, முன் பெஞ்சில், மின்விசிறிக்கு நேர் கீழே இல்லாமல் உட்காருங்கள். பதிவதற்கு முன் ஆசிரியரிடம் கட்டாயம் கேளுங்கள். அது அவருடைய குரல்.