‘லிங்க் ஹோ கயா ஹை’

2024ஆம் ஆண்டுக் கோடையில், குருக் மொழித் தரவு சேகரிப்பதற்காக ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கியிருந்தேன். கண், கை ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களில் நம் ககரம் அங்கே தொண்டையில் உரசி ஒலிப்பதைப் பதிவு செய்வது அன்றைய வேலை. சொற்களைச் சொல்லிக்கொண்டிருந்த மௌசி இடையில் நிறுத்தி, “உனக்கு ஆங்கிலம் தெரியுமே, இதைப் பார்” என்று ஒரு தாளை நீட்டினார். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் அவர் செய்த 12 நாள் வேலைக்கான கூலி, ஆறாறு நாளாக இரு முறை நிராகரிக்கப்பட்டிருந்தது. காரணம் என்ற இடத்தில் Inactive Aadhaar என்று அச்சாகியிருந்தது.

ஊராட்சியின் ரோஜ்கார் சேவக் அதை எழுத்துக்கு எழுத்து பொருள்கொண்டு, “உன் ஆதார் செத்துவிட்டது” என்று சொல்லியனுப்பியிருக்கிறார். மௌசி ஆதார் மையத்துக்குச் சென்று மீண்டும் கைரேகை பதித்தார். ஆதார் உயிரோடுதான் இருக்கிறது என்றார்கள். பிறகு வங்கிக்குப் போனார். எழுத்தர் கணினியைப் பார்த்து, “லிங்க் ஹோ கயா ஹை”, அதாவது இணைந்துவிட்டது, என்றார். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போயிற்று.

எரிச்சலூட்டும் செய்தி என்னவென்றால், இவர்களில் எவரும் பொய் சொல்லவில்லை. ‘இணைத்தல்’ என்பது எதை எதனோடு என்ற கேள்விக்கு விடை வேண்டும் வினை. வங்கி எழுத்தர் பார்த்தது, வாடிக்கையாளரின் அடையாளச் சான்றாக ஆதார் எண் கணக்கில் பதிவாகியிருப்பதை. அந்தப் பதிவு வங்கிக்குள்ளேயே நின்றுவிடும். அரசின் பணமோ வேறொரு பட்டியலைப் பார்த்து நகர்கிறது. என்பிசிஐ எனப்படும் தேசியக் கொடுப்பனவுக் கழகம் பராமரிக்கும் அந்தப் பட்டியலில் ஓர் ஆதார் எண்ணுக்கு நேராக ஒரே ஒரு வங்கியின் அடையாளம் மட்டும் இருக்கும். கணக்கு எண்கூட இராது. பணம் அந்த வங்கிக்குப் போகும். எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்பதை அந்த வங்கி தன் பதிவைக்கொண்டு தீர்மானிக்கும். ஆக, Inactive என்ற பெயரடை தவறான பெயர்ச்சொல்லோடு ஒட்டியிருந்தது. செயலிழந்தது ஆதார் அன்று, பட்டியலில் உள்ள அந்த வரி. 2024 ஜனவரி 1 முதல் இத்திட்டத்தின் கூலியை ஆதார்வழியாகவே செலுத்தவேண்டும் என்று ஆனபின், அந்த வரி இல்லாதவருக்குக் கூலியும் இல்லை.

மௌசியின் ஒப்புதலோடு ஆதார் ஆணையத்தின் தளத்தில் Bank Seeding Status பக்கத்தைத் திறந்தேன். ஒருமுறைக் கடவு எண், கேரளத்தில் கட்டட வேலை செய்யும் அவருடைய மகனின் கைப்பேசிக்குப் போயிற்று. அவன் சாரத்திலிருந்து இறங்கி எண்ணைச் சொல்வதற்குள் காலம் கடந்துவிட்டது. இரண்டாம் முறை திறந்தது. நிலை: Inactive. வங்கியின் பெயரைப் படித்தேன். மௌசியின் வங்கி அன்று, அவர் கேள்விப்படாத வேறொன்று.

நெடுநேரம் யோசித்தபின் நினைவு வந்தது. ஈராண்டுக்கு முன் வாரச்சந்தையில் கருவியோடு உட்கார்ந்திருந்த ஒருவன், கடன் கிடைக்கும் என்று சொல்லி விரலை வைக்கச் சொன்னானாம். கடன் வரவில்லை, கணக்கு ஒன்று திறக்கப்பட்டிருக்கிறது. கடைசியாகப் பதியும் வங்கியே பட்டியலில் நிற்கும் என்பதால், பழைய வங்கி அதிலிருந்து இறங்கிவிட்டது. பயன்படாத புதிய கணக்கைப் பின்னாளில் அந்த வங்கி விலக்கியிருக்கவேண்டும். விலக்காமல் இருந்திருந்தால் நிராகரிப்பே வந்திராது. கூலி சந்தைக்காரன் திறந்த கணக்கில் ஓசையின்றிச் சேர்ந்துகொண்டிருக்கும். அந்த வகையில், நிராகரிப்பு வந்ததே நல்லதாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். மௌசியிடம் அதைச் சொல்லத் துணியவில்லை.

மறுநாள் வங்கியில், ‘ஆதாரை லிங்க் செய்யுங்கள்’ என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டால் பழைய விடையே வரும். ‘அரசுப் பணம் இந்தக் கணக்குக்கு வரவேண்டும், என்பிசிஐ பட்டியலில் ஏற்றுங்கள்’ என்று கேட்டோம். எழுத்தர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அடுக்கின் அடியிலிருந்து தனி ஒப்புதல் படிவம் ஒன்றை எடுத்தார். முந்தைய வங்கியின் பெயரையும் அதில் எழுதவேண்டியிருந்தது. கையொப்பமிடும் இடத்தில் மௌசி விரலை மையில் தோய்த்தபடி, “இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்டார். இம்முறை முழுதும் படித்துச் சொன்னேன்.

சில நாள் கழித்து அதே பக்கத்தில் அவருடைய வங்கியின் பெயரும் Active என்ற சொல்லும் வந்தன. ஆனால் நிராகரிக்கப்பட்ட கூலி தானாகத் திரும்பி வராது. வட்டார அலுவலகம் பணப்பரிமாற்ற ஆணையை மீண்டும் உருவாக்கவேண்டும். நான் ஊர் திரும்பியபின் மகன் அழைத்தான். முதல் ஆறு நாள் கூலி வந்துவிட்டதாம். இரண்டாவதற்கான ஆணையை இன்னும் போடவில்லை. மௌசி வியாழக்கிழமை மறுபடி போவார் என்றான்.