பெயரில் இரண்டு ஒலிகள்

தரம் 6இல் ஆங்கில வாய்மொழிப் பரீட்சை. முதல் கேள்வியே பெயர்தான். அந்தப் பிள்ளையின் பெயரில் தொடக்கத்தில் ஒரு எஃப், நடுவில் ஒரு இஸட். அவள் சொன்னபோது 'ப'வும் 'ஜ'வும்தான் வந்தன. பின்வாங்கில் இருந்த பொடியன்மார் சிரித்துவிட்டார்கள். அன்று முழுக்க அவள் வாய் திறக்கவில்லை.

தமிழில் இந்த இரண்டு ஒலிகளும் இல்லை. அவளுடைய பிறப்புச் சான்றிதழிலும் பெயர் 'பா'வில்தான் தொடங்குகிறது. வீட்டிலும் உம்மா அப்படித்தான் கூப்பிடுகிறார்.

அடுத்த நாள் இடைவேளையில் கூப்பிட்டேன். "மகள், 'ப'வை மூச்சு முடியும்வரை இழுங்க பார்ப்பம்." அவளால் முடியவில்லை, யாராலும் முடியாது. இரண்டு உதடும் மூடித் திறந்ததும் 'ப' முடிந்துவிடும், பிறகு இழுபடுவது 'அ'தான். எஃப்பை 5 செக்கனும் இழுக்கலாம். மேற்பல் நுனி கீழுதட்டை இலேசாகத் தொட, இடையால் காற்று போய்க்கொண்டே இருக்கும். அவள் உதட்டை இறுக்கிக் கடித்தாள், காற்றே வரவில்லை. "'வ' சொல்லப் போற மாதிரி வாயை வச்சி, குரல் போடாம ஊதுங்க" என்றதும் வந்துவிட்டது.

இஸட்டுக்கு, தொண்டையில் இரண்டு விரலை வைத்து 'ஸ்ஸ்ஸ்' என்று இழுக்கச் சொன்னேன். அதிர்வு இல்லை. "நாக்கை அசைக்காம குரலை மட்டும் போடுங்க." வண்டு இரைவது போல வந்தது, விரலிலும் அதிர்ந்தது. 'ஜ'வுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி விடுபடும். இதில் ஒட்டவே கூடாது.

"மத்ரஸாவில ஸாய் ஓதுற மாதிரியே இருக்கு டீச்சர்" என்றாள். எனக்குத்தான் வெட்கமாகப் போனது. பின்னேரம் ஓதும்போது ஃபாவும் ஸாயும் அவளுக்கு ஒழுங்காக வருகின்றன. நான் ஒருநாளும் அதைக் கேட்டுப் பார்க்கவில்லை.

ஒரு கிழமையில் வேறு கூத்து தொடங்கியது. பேப்பர் 'ஃபேஃபர்' ஆனது. ஜனவரி இஸட்டில் தொடங்கியது. ஃபஜ்ருக்கு நடுவிலும் இஸட் வந்தது! புது ஒலி பிடிபட்ட பிள்ளை அதை எல்லா இடத்திலும் போடும். இதற்கு வாய்ப் பயிற்சி போதாது, காதைப் பழக்க வேண்டும். நமக்குக் கொப்பி வேறு, கோப்பி வேறு, ஆனால் இரண்டிலும் நடுவில் 'ப'தான். ஆங்கிலத்தில் எழுதும் கொப்பிக்கு 'ப', குடிக்கும் கோப்பிக்கு எஃப். நான் முதுகைக் காட்டி நின்று ஏதாவது ஒன்றைச் சொல்வேன், எஃப் கேட்டால் அவள் மேசையில் தட்ட வேண்டும். இஸட்டுக்கும் ஜேக்கும், கையை உயர்த்து என்பதற்கான 'ரேஸ்', கோபத்துக்கான 'ரேஜ்'. பத்துக்கு எட்டாவது சரியாகத் தட்டிய பிறகே சொல்லவிட்டேன்.

போன கிழமை அவளே எழும்பிப் பெயரைச் சொன்னாள். எஃப் சுத்தம். இஸட் மட்டும் அவசரத்தில் இன்னும் 'ஜ'வாகிறது.