பதினான்கு வேலைகளில் மூன்றுதான் கணக்கு



போன வாரம் என்னிடம் படித்த பெண் ஒருத்தி போன் செய்தாள். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் ஆறு வருடமாக ஸ்டோர்ஸ் அசிஸ்டன்ட். "சார், எங்க ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் வேலைய விட்டுப் போயி ஒன்றரை வருசமாச்சுங்க. அவரு வேலையையும் நான்தானுங்க பாக்கறேன். புரமோஷன் கேட்டு லெட்டர் எழுதியிருக்கேன், கொஞ்சம் பாத்துக் குடுங்க சார்" என்றாள். வாட்ஸ்அப்பில் இரண்டு பக்கம் வந்தது. பதினான்கு வேலைகள். உங்களில் பலருக்கும் இதே நிலைமை இருக்கும் என்பதால் அதை எப்படித் திருத்தினோம் என்று சொல்கிறேன்.

முதலில் பதினான்கையும் மூன்றாகப் பிரிக்கச் சொன்னேன். சரக்கு வரவு வைப்பது, பில்லோடு சரிபார்ப்பது, லைனுக்குப் பொருள் கொடுப்பது என்று ஏழு வேலைகள் அவளுடைய சொந்த வேலையே. அதை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சம்பள உயர்வுக்குத்தான் வாதம், பதவிக்கு அல்ல. ஆயுத பூஜைக்குப் பொரி வாங்குவது, டீக்கடைக் கணக்கு பார்ப்பது மாதிரி நான்கு வேலைகள் உபகாரம். அவை பட்டியலில் இருந்தால் படிப்பவர் கண்ணில் அவைதான் முதலில் படும், மற்றதும் லேசாகிவிடும். மிச்சம் மூன்று. அவை மட்டும்தான் இன்சார்ஜ் வேலை.

அந்த மூன்றுக்கும் ஒரே கேள்வி கேட்டேன்: இதில் முடிவு எடுப்பது யார்? "பேரிங், வைண்டிங் ஒயர் ஆர்டர் போட உதவுகிறேன்" என்று எழுதியிருந்தாள். எத்தனை வாங்குவது என்று யார் சொல்வது என்றேன். "நான்தானுங்க சார். மேனேஜர் கையெழுத்து மட்டும் போடுவாருங்க." அப்படியானால் 'உதவுகிறேன்' என்ற சொல் அவளுக்கே எதிரி. அதே சமயம் கையெழுத்து அதிகாரம் அவளிடம் இல்லை என்பதையும் மறைக்கக் கூடாது. மேனேஜருக்கு அது தெரியும்.

கடைசியில் கடிதம் இவ்வளவுதான்:

"ஐயா, 2024 ஜூலையில் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் விலகியதிலிருந்து அவர் பார்த்த மூன்று வேலைகளை நான் பார்த்து வருகிறேன்.
1. பேரிங், வைண்டிங் ஒயர் ஆர்டர் அளவை நான் முடிவு செய்து தங்கள் ஒப்புதலுக்கு அனுப்புகிறேன்.
2. மாதக் கடைசி இருப்புக் கணக்கை எடுத்து, வித்தியாசத்துக்குக் காரணம் எழுதி அக்கவுண்ட்ஸுக்குக் கொடுக்கிறேன்.
3. புதிதாகச் சேர்ந்த இருவருக்கு வேலை பழக்கி, அவர்களின் ஷிப்டை நான் போடுகிறேன்.
இவை தொடர்பான மெயில்கள் இருக்கின்றன. அந்தப் பொறுப்புக்கு என்னைப் பரிசீலிப்பது பற்றித் தங்களிடம் இருபது நிமிடம் பேச விரும்புகிறேன். தங்களுக்கு வசதியான நாளைச் சொல்லவும்."

வீட்டுக் கடன், 'அவருக்குக் கொடுத்தீர்களே' என்ற ஒப்பீடு, இரவு எத்தனை மணி வரை இருந்தேன் என்பது எல்லாம் போய்விட்டன. பதவி கொடுங்கள் என்றுகூட இல்லை, பேச நேரம் கொடுங்கள் என்றுதான் இருக்கிறது. கடிதத்தில் பதவியைக் கேட்டால் 'இப்போது இல்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். இருபது நிமிடத்தை அப்படி மறுப்பது கஷ்டம்.

"ஒன்றரை வருசம் செஞ்சதுக்கு உரிமை இல்லையா சார்?" என்றாள். செல்வராஜ் என்ற ஆசிரியரின் வழக்கைச் சொன்னேன். அந்தமானில் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்தவரை 1992-இல் சாரணர் செயலாளர் வேலையைப் பார்க்கச் சொன்னார்கள். அந்தப் பதவிக்கான சம்பளம் வரவில்லை. 1998-இல் உச்ச நீதிமன்றம், வேலை பார்த்த காலத்துக்கு அந்தச் சம்பளத்தைக் கொடுக்கச் சொன்னது, ஆனால் அதைப் பதவி உயர்வாகக் கருத முடியாது என்றது. அது அரசு வேலை, எழுத்தில் உத்தரவும் இருந்தது. அங்கேயே அப்படி என்றால், வாய்ச்சொல்லில் பொறுப்பு கொடுக்கும் தனியார் கம்பெனியில் 'எனக்கு உரிமை' என்று ஆரம்பிப்பது பேச்சை அடைத்துவிடும். பட்டியல் ஒரு சான்று, அவ்வளவே.

நேரமும் முக்கியம். ஏப்ரலில் சம்பளம் ஏற்றும் கம்பெனி என்றால் அதற்கான தொகையை முன்பே முடிவு செய்துவிடுவார்கள். ஜனவரியிலேயே கேட்டுவிட வேண்டும்.

பேசும்போது "பாக்கலாம்மா" என்று சொல்லக்கூடும். அப்போது மூன்று கேட்கச் சொல்லியிருக்கிறேன்: அந்த இடம் இன்னும் இருக்கிறதா, எடுத்துவிட்டார்களா? என்னிடம் என்ன குறை? மறுபடி எப்போது பேசலாம்? இடத்தையே எடுத்துவிட்டார்கள் என்றால் பதவிப் பெயரையோ பொறுப்புப் படியையோ கேட்கலாம். அன்று மாலையே பேசியதை நான்கு வரியில் மெயிலாக அனுப்பிவிட வேண்டும். மேனேஜர் மாறினாலும் அது இருக்கும்.

திங்கட்கிழமை கடிதம் கொடுத்துவிட்டாள். பதில் இன்னும் வரவில்லை. உங்களில் யாராவது மேனேஜர் நாற்காலியில் இருந்தால், இப்படி ஒரு கடிதம் வந்தால் எதைப் பார்ப்பீர்கள் என்று கீழே எழுதுங்கள். அவளும் படிப்பாள்.