கடை கைமாறும்போது எண் யாருடையது?

சாமராஜநகரில் என் சித்தப்பா நடத்திவந்த பம்பு, குழாய்ச் சாமான் கடை அண்மையில் அத்தை மகனின் பொறுப்புக்கு வந்தது. சரக்குக் கணக்கு இரண்டு நாளில் முடிந்தது. கைப்பேசி எண்ணை மாற்றத்தான் ஏறக்குறைய ஒரு மாதம் பிடித்தது.

தாளவாடிப் பக்கத்து உழவர்கள் அவ்வெண்ணைப் ‘பைப் அண்ணா’ என்றும், கன்னடம் பேசுவோர் ‘பைப் அங்கடி’ என்றும் பதிந்து வைத்திருந்தனர். முன்னது ஆளைச் சுட்டுகிறது, பின்னது கடையைச் சுட்டுகிறது. (நம் அங்காடியும் அவர்களின் அங்கடியும் ஒரே வேரின.) தொலைபேசி நிறுவனத்துக்கோ அந்த எண் ஒரு தனி மனிதரின் இணைப்பு மட்டுமே. கடையை எழுதிக்கொடுத்த பத்திரத்தால் எண் மாறாது. பழையவரின் ஒப்புதலும் புதியவரின் அடையாளச் சரிபார்ப்பும் தனியே வேண்டும். உரியவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுக்கான ஆவணமும் கேட்பார்கள். வாங்குபவர் உறவினர் அல்லர் எனில், எண்ணுக்கும் சேர்த்து விலை பேசுமுன் நிறுவனத்தில் விசாரிப்பது நல்லது.

அந்த ஒரு மாதம் இந்தப் படிவத்தால் ஆனதன்று. சித்தப்பாவின் வங்கிக் கணக்கு, ஆதார், வருமான வரிக் கணக்கு யாவும் அதே எண்ணில் இருந்தன. அவற்றை முதலில் புதிய எண்ணுக்கு மாற்றாமல் சிம்மைக் கொடுத்தால், அவருடைய ஓடிபி எல்லாம் மருமகனுக்குப் போய்ச் சேரும். உறவு நல்லபடியாக இருக்கும்வரை அது சிக்கலாகத் தோன்றாது.

வாட்ஸ்அப்பில் ‘எண்ணை மாற்று’ என்னும் வசதியால் சித்தப்பா தம் கணக்கைப் புதிய எண்ணுக்கு நகர்த்தினார். குடும்பக் குழுக்களும் உரையாடல்களும் அவரோடு சென்றன. கடை எண்ணில் புதுக் கணக்கு வெறுமையாகத் தொடங்கியது. பழைய ஆர்டர்கள் கண்முன் இல்லாதது இழப்பே. ஆயினும் பிறர் அவரை நம்பி எழுதியவற்றை மருமகன் படிப்பதைவிட இது மேல். அப்படி நகர்த்தாமல் சிம்மை மட்டும் கொடுத்து, இரட்டைச் சரிபார்ப்பு எண்ணையும் சொல்லாமல் விட்டிருந்தால், புதியவர் ஏழு நாள் காத்திருக்க நேர்ந்திருக்கும்.

பலர் கவனிக்காதது கல்லாவில் ஒட்டிய க்யூஆர் அட்டை. அது வங்கிக் கணக்கோடு பிணைந்தது. சிம் மாறினாலும் பணம் பழையவருக்கே போகும். ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்தால் திரையில் வரும் பெயரே உண்மையைச் சொல்லிவிடும். நாங்கள் பார்த்தபோது சித்தப்பாவின் பெயர்தான் வந்தது. அன்றே அட்டையைக் கிழித்தோம்.

இத்தனை தொல்லைக்குப் பதில் எண்ணையே விட்டுவிடலாமே என்றார் ஒருவர். துண்டிக்கப்பட்ட எண் 90 நாள் கழித்து வேறொருவருக்கு வழங்கப்படலாம். 2023இல் உச்ச நீதிமன்றத்தில் டிராய் தெரிவித்தது இதுவே. பம்பு பழுதான உழவரின் அழைப்பு அப்போது யாரோ ஒருவர் வீட்டில் ஒலிக்கும்.

இப்போது மருமகன் எடுத்தவுடன் கடைப் பெயரைச் சொல்கிறான். பழைய கடன் பாக்கி பற்றிக் கேட்பவர்களுக்கு மட்டும் மாமாவின் புதிய எண்ணைக் கொடுக்கிறான்.