ஜூன் ஒன்றில் பிறந்த இருவர்

அம்மையார் கோயில் மாங்கனித் திருவிழாக் கூட்டம் கலைந்த வாரம் அது. 2024-ஆம் ஆண்டு. காரைக்காலில் மின்சாமான் கடை வைத்திருக்கும் ஒருவர் மனைவியோடு என் அலுவலகத்துக்கு வந்தார். வீடு கட்ட பதினெட்டு லட்சம் கடன் கேட்டிருக்கிறார். வங்கியில் முடியாது என்றுவிட்டார்கள். "ஸ்கோர் 638-தான் இருக்காம் சார். நான் வாங்கின கடனெல்லாம் ஒரு நாள் தவறாம கட்டியிருக்கேன். வங்கி மேல கேஸ் போடணும்" என்றார்.

கடன் கொடுக்க மறுத்ததற்காக வங்கி மீது வழக்குப் போட முடியாது. அதைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. முதலில் அறிக்கையைக் காட்டுங்கள் என்றேன். கைபேசியில் இருந்த மூன்று இலக்க எண்ணைக் காட்டினார். அது அறிக்கை அல்ல. பரீட்சை மார்க் மாதிரி. எந்தக் கேள்வியில் மார்க் போயிற்று என்று தெரிய விடைத்தாளே வேண்டும். கடன் தகவல் நிறுவனங்கள் இந்தியாவில் நான்கு. நம் ஊரில் நான்கையுமே சிபில் என்றுதான் சொல்கிறோம். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நாமே நம் அறிக்கையை எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. ஆனால் இவர் முதல் வங்கி மறுத்த கோபத்தில் அடுத்தடுத்து மூன்று வங்கிகளில் மனு போட்டிருந்தார். அப்படி வங்கி எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பதிவாகும். இரண்டு மாதத்தில் நான்கு பதிவு. கடனுக்கு அலைகிற ஆள் என்று அதற்குப் பொருள்.

பதினோரு பக்கம் அச்சடித்து மேசையில் பரப்பினோம். கடன் பட்டியலுக்குப் போகும் முன் முதல் பக்கத்தைப் படிக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் நானும் கற்றேன். பெயர், பிறந்த தேதி, பான் எண், முகவரிகள், தொலைபேசி எண்கள் உள்ள பக்கம். நம் விவரம்தானே என்று எல்லோரும் அதைத் தாண்டிவிடுவார்கள். இவருடையதில் நான்கு முகவரிகள். மூன்று இவருடையவை, நான்காவது பொறையாறு பக்கத்துக் கிராமம், "காரைக்கால் அருகில்" என்று முடிந்தது. இவர் அங்கே ஒரு நாளும் குடியிருந்ததில்லை. தொலைபேசி எண்களிலும் ஒன்று தெரியாத எண். வேறொருவர் இந்தத் தாளுக்குள் நுழைந்திருக்கிறார் என்பதற்கு அதுதான் முதல் தடயம்.

பட்டியலில் மூன்று வரிகள் உறுத்தின. 2015-இல் வாங்கிய இருசக்கர வாகனக் கடன், 48,000 ரூபாய். நிலை WRITTEN-OFF, அதாவது வராது என்று கணக்கிலிருந்து தள்ளியது. இன்னொன்று 2011-இல் கொடுக்கப்பட்ட கிரெடிட் கார்டு. 2,914 ரூபாய், அதுவும் WRITTEN-OFF. மூன்றாவது 2013-இல் ஒரு லோடு ஆட்டோவுக்காக எடுத்த கடன். 41,600 ரூபாய் பாக்கி, கடைசி நிலை LSS. வசூலாகாத நஷ்டம் என்று வங்கி வகைப்படுத்தியதன் சுருக்கம் அது.

"பைக்கா? எனக்கு ஓட்டவே தெரியாது சார், இன்னிக்கு வரைக்கும் சைக்கிள்தான்" என்றார். மற்ற இரண்டும் தன்னுடையவை அல்ல என்று அடித்துச் சொன்னார். நம்பினேன். மூன்று கடனும் என் கட்சிக்காரருடையது அல்ல, உடனே நீக்க வேண்டும், தவறினால் இழப்பீடு என்று மூன்று நிறுவனங்களுக்கும் தகவல் நிறுவனத்துக்கும் சேர்த்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை மேற்கோள் காட்டி, படித்துப் படித்து ரசிக்கும்படி எழுதிய நோட்டீஸ் அது. அந்த வழக்கில் நான் செய்த பெரிய தவறும் அதுதான்.

தகவல் நிறுவனம் தானாக எதையும் திருத்தாது. கடன் கொடுத்தவர் அனுப்பியதைத்தான் அது அச்சிடுகிறது. திருத்தம் கேட்டால் அந்தக் கேள்வியைக் கடன் கொடுத்தவருக்கே அனுப்பும்; அவர் ஆம் என்றால் மாற்றும். அதற்கு, எந்த அறிக்கை, எந்தக் கணக்கு, அந்தக் கணக்கில் எந்தக் கட்டம் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். அறிக்கையின் தலையில் ஒரு கட்டுப்பாட்டு எண் இருக்கும். அதைப் போட்டு அவர்களுடைய தளத்தில் வரி வரியாகப் புகார் பதிய வேண்டும். "இது என் கணக்கு அல்ல" என்பது ஒரு வகைப் புகார், "கணக்கு என்னுடையது, பாக்கி தவறு" என்பது வேறு வகை. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிய என் நோட்டீஸ் புகாராகவே பதிவாகவில்லை. மூன்று வாரம் வீண்.

அதைவிட மோசமான பதில் ஆட்டோக் கடன் கொடுத்த வங்கியிலிருந்து வந்தது. ஜாமீன் பத்திரத்தின் நகல். அடியில் இவர் கையெழுத்து, பக்கத்தில் இவர் புகைப்படம், பதினோரு வயது இளமையாக. நான் அதை மேசையில் வைத்ததும் அவர் மனைவிதான் பேசினார். "என்னங்க, எங்க அண்ணன் சிங்கப்பூர் போறதுக்கு முன்னாடி ஆட்டோ எடுத்துச்சே. கடையில நின்னுக்கிட்டே கையெழுத்துப் போட்டீங்களே."

அறிக்கையை மறுபடி எடுத்தேன். அந்த வரியில் உரிமை என்ற கட்டத்தில் GUARANTOR என்று அச்சாகித்தான் இருந்தது. தொகையையும் நிலையையும் பார்த்த கண் அதைப் பார்க்கவில்லை. கடன் வாங்கியவர் கட்டவில்லை என்றால் ஜாமீன்தாரரின் பொறுப்பும் அதே அளவுதான் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு. ஜாமீன் போட்டவருக்கு அது தன் கடன் என்ற நினைப்பே இருக்காது. வேறொருவர் கைவிட்ட தவணை இவர் தாளில் மாதாமாதம் ஏறிக்கொண்டிருக்கும்.

பைக் விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக, தனியாக, "என் கணக்கு அல்ல" என்று புகார் பதிந்தோம். நிதி நிறுவனத்திடம் கடன் கோப்பின் நகலைக் கேட்டோம். வந்த வாக்காளர் அட்டை நகலில் அதே பெயர், அதே இனிஷியல். ஆனால் அந்த ஓர் எழுத்துக்குப் பின்னால் இருந்த தகப்பனார் வேறு. பிறந்த தேதி இருவருக்கும் ஜூன் 1, ஒரே ஆண்டு. இது அதிசயமில்லை. பள்ளியில் சேர்க்கும்போது தலைமை ஆசிரியர் போட்ட தேதி அது. ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டுமே! அந்தத் தலைமுறையில் எத்தனை பேர் ஜூன் முதல் தேதியில் "பிறந்தவர்கள்" என்று எண்ண முடியாது. பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து பிறப்பை மேரி என்ற நகராட்சி அலுவலகத்தில் பதிந்துவந்த ஊர் இது. இவருக்கும் நகராட்சியில் சரியான தேதியோடு சான்றிதழ் இருந்தது, கார்த்திகை மாதப் பிறப்பு. ஆனால் பான் அட்டையில் ஏறியது பள்ளித் தேதிதான்.

அந்த பைக் கடனில் பான் எண்ணே இல்லை. பான் இல்லாத பழைய கடன்களைப் பெயர், பிறந்த தேதி, முகவரி இவற்றை வைத்துத்தான் ஒருவர் கணக்கில் சேர்க்கிறார்கள். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, பொறையாறு தமிழ்நாடு. நண்டலாற்றைத் தாண்டினால் மாநிலமே மாறிவிடும். ஆனால் அஞ்சல் குறியீடு இரண்டு பக்கமும் 609 என்றுதான் தொடங்கும். பெயர் ஒன்று, தேதி ஒன்று, முகவரியில் காரைக்கால் என்ற சொல், குறியீட்டின் முதல் மூன்று எண்ணும் ஒன்று. கணினியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தகப்பனார் பெயர் தெரியும் ஆதாரத்தோடு புகார் போனது. திருத்தம் 30 நாளுக்குள் முடிய வேண்டும். அதில் கடன் கொடுத்தவருக்கு 21 நாள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற ரிசர்வ் வங்கி விதி 2024 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. எங்கள் புகார் 42-ஆவது நாள் முடிந்தது. 1,200 ரூபாய் அவர் கணக்கில் விழுந்தது. வராமல் இருந்தால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போயிருப்போம். 2022 செப்டம்பர் முதல் இந்தத் தகவல் நிறுவனங்களும் அவர் வரம்புக்குள் வந்துவிட்டன.

கிரெடிட் கார்டு வரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அந்த வரியில் அதுவரை ஏறிய அதிகபட்சத் தொகையும் பாக்கியும் ஒன்றே, 2,914. பொருள் வாங்கி அதற்குப் பணமும் கட்டியிருந்தால் இரண்டும் பெரும்பாலும் இப்படி ஒட்டிக்கொண்டிருக்காது. ஆண்டுக் கட்டணமும் அதன் மேல் தாமதக் கட்டணமும் சேர்ந்து வளர்ந்த தொகை. கடைக் கணக்கு தொடங்கியபோது கூடவே வந்த கார்டு, உறையைக்கூடப் பிரிக்கவில்லை. பயன்படுத்தியதற்கான பதிவைக் காட்டுங்கள் என்று கேட்டோம். காட்ட முடியாமல் பாக்கியைப் பூஜ்யமாக்கிக் கணக்கை மூடிவிட்டார்கள். ஏழாண்டு கடந்தால் பழைய வரி தானாக மறையும் என்று பலர் நம்புகிறார்கள். குறைந்தது ஏழாண்டு வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. இவர் கார்டு பதின்மூன்றாம் ஆண்டிலும் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

மிஞ்சியது ஜாமீன். கடைசித் தவணை 2016 ஆகஸ்டில். வழக்குப் போடும் மூன்றாண்டுக் கெடு 2019-லேயே முடிந்துவிட்டது. "கேஸே போட முடியாதுன்னா நான் ஏன் சார் கட்டணும்?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் கெடு முடிந்தால் நீதிமன்றக் கதவுதான் மூடும். கடன் அழியாது, அறிக்கையில் அது இருப்பதையும் தடுக்காது. வங்கியில் பேசப் போனபோது 25,000 கொடுங்கள், முடித்துவிடலாம் என்றார்கள். இவர் உடனே பையைத் துழாவ ஆரம்பித்துவிட்டார். நான் தடுத்தேன். அப்படிக் குறைத்துக் கட்டினால் வரியில் Settled என்று ஏறும். முழுதும் வரவில்லை, விட்டுக்கொடுத்தோம் என்று அடுத்த வங்கிக்குச் சொல்லும் சொல் அது. வீட்டுக் கடன் கேட்கப் போகிறவருக்கு அந்த 16,600 ரூபாய் லாபம் பெரிய நஷ்டம். மனைவியின் சங்கிலியை வங்கியில் வைத்து 41,600-ஐ முழுதாகக் கட்டினார். கட்டும் முன், பாக்கி இல்லை, கணக்கு முடிந்தது என்றே தெரிவிப்போம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டோம். மச்சானிடம் திரும்பக் கேட்க ஒப்பந்தச் சட்டத்தில் வழி உண்டு. காலம் கடந்த கடனை விரும்பிக் கட்டியதால் அந்த வழி குறுகல். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் மனைவி முன்னால் நான் எடுக்கவில்லை.

தாமதித்த மாதங்களின் பதிவு அந்த வரியில் அப்படியே நிற்கிறது. அது உண்மை, உண்மையை நீக்க எந்தப் புகாரும் இல்லை. நவம்பரில் ஸ்கோர் 711. வீட்டுக் கடனுக்கு அது போதும், ஆனால் வட்டி கொஞ்சம் கூடுதல் என்றார் மேலாளர்.

மனையில் பாதி மனைவி பெயரில் இருந்ததால் அவருடைய அறிக்கையையும் எடுத்தோம். "எனக்கு ஏதுங்க கடன்?" என்று சிரித்தார். ஒன்பது நகைக்கடன்கள். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம், கடைச் சரக்கு, ஒரு கல்யாணச் சீர் என்று ஒவ்வொன்றும் கெடுவுக்கு முன்பே மீட்டு மூடியவை. கடைசியாக அந்தச் சங்கிலி மட்டும் நடப்பில். அடகுக்கடையில் வைத்திருந்தால் இதில் ஒன்றுகூட இங்கே ஏறியிருக்காது. வங்கியில் வைத்ததால் ஏறியிருந்தன. ஸ்கோர் 788. மனுவை மாற்றி எழுதினோம், முதல் விண்ணப்பதாரர் அவர், கணவர் இரண்டாவது.