பூனை வரும், சட்டகம் வராது

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்துதான் அந்தக் குறிப்பின் முதல் வடிவத்தை எழுதினேன். மொத்தம் மூன்றே வரி. "மாமல்லபுரம் சிற்பங்கள், வண்ணம் தீட்டும் படங்கள் 12. உயர்தரம். தனிப்பட்ட உபயோகத்துக்கு மட்டும்." திருக்கழுக்குன்றம் வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அந்த மூன்று வரியும் ஒவ்வொன்றாக எங்களைக் கவிழ்த்துவிட்டது.

நண்பன் என் பள்ளித் தோழன். மாமல்லபுரத்தில் சிற்பக் கல்லூரியில் படித்தவன், இப்போது ஒரு பட்டறையில் கல் செதுக்குகிறான். விடியற்காலையில் அர்ச்சுனன் தபசுக்கு முன்னால் உட்கார்ந்து பென்சிலில் வரைவது அவன் பழக்கம். யானைகள், நாகர்கள், ஒற்றைக்காலில் நிற்கும் தவசி. எல்லாவற்றையும் விட நன்றாக வந்தது அந்தப் போலித் தவசிப் பூனை. கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கும், காலடியில் எலிகள். அதையெல்லாம் கோட்டோவியமாக்கி, கைவினைப் பொருட்கள் விற்கும் ஓர் இணையச் சந்தையில் பிரிண்டபிளாகப் போடலாம் என்று நான்தான் சொன்னேன். பிரிண்டபிள் என்றால் ஒன்றுமில்லை. வாங்குகிறவருக்குக் கோப்பு மட்டும் போகும், பிரிண்ட் அவர் செலவில் போட்டுக்கொள்ள வேண்டியது. "வரையறது என் வேல, எழுதறது உன் வேல"ன்னு சொல்லிவிட்டான். மென்பொருளுக்குக் கையேடு எழுதிப் பழகியவன் நான், இதென்ன பிரமாதம் என்று நினைத்தேன்.

முதல் வாங்குனர் பத்து நாள் கழித்துக் கேட்டார்: "பார்சல் எங்கே?" தப்பு அவர்மேல் இல்லை. நாங்கள் போட்டிருந்த விளம்பரப் படத்தில் பூனை ஒரு மரச் சட்டகத்துக்குள் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது, பக்கத்தில் கலர் பென்சில் டப்பா வேறு. "படங்கள் 12" என்றால் அவர் என்ன நினைப்பார்? பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். "பிரிண்டபிள்" என்ற சொல்லே போதும் என்று நம்பியது என் தவறு. அந்தச் சொல் விற்கிறவனுக்குத் தெரியும், முதல்முறை வாங்குகிறவருக்குத் தெரியாது. தபாலில் ஒன்றும் வராது என்பதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். படத்தில் காட்டிய எந்தெந்தப் பொருள் சேராது என்பதையும் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது புகார் அமெரிக்காவிலிருந்து வந்தது. பூனையின் விரல் நுனியும் எலிகளின் காலும் காணவில்லை என்று போட்டோ அனுப்பியிருந்தார் ஓர் அம்மா. நண்பன் ஏ4 தாளில் விளிம்பு வரை வரைந்திருந்தான். அதன் உயரம் 297 மில்லிமீட்டர். அங்கே வீட்டு பிரிண்டரில் இருப்பது லெட்டர் அளவுத் தாள். அகலத்தில் 6 மில்லிமீட்டர் கூடுதல், உயரத்தில் 18 மில்லிமீட்டர் குறைவு. அவர் `Actual size` என்று கொடுத்து அடித்திருக்கிறார், மேலும் கீழும் வெட்டிக்கொண்டு போய்விட்டது. `Fit` கொடுத்திருந்தால் படம் கொஞ்சம் சுருங்கி முழுசாக வந்திருக்கும். எங்கள் குறிப்போ "உயர்தரம்" என்று மட்டும் சொன்னது. அதை வைத்து யாரும் எதையும் அச்சடிக்க முடியாது. எந்தத் தாள், எத்தனை பக்கம், ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று சொன்னால்தான் அது தகவல். ஏ4 தாளுக்கு 300 புள்ளி என்றால் 2480-க்கு 3508. அதற்கு மேல் போஸ்டர் அளவுக்குப் பெரிதாக்கினால் கோடு பிசிறடிக்கும். அதையும் நாமே முந்திச் சொல்லிவிட்டால் ஏமாற்றம் இல்லை.

மூன்றாவது வரிதான் பெரிய வம்பு. சிங்கப்பூரிலிருந்து ஒரு தமிழ் ஆசிரியை கேட்டார்: "வகுப்பில் முப்பது பிள்ளைகள். ஆளுக்கொரு படம் எடுத்துத் தரலாமா? இது தனிப்பட்ட உபயோகமா?" என்னிடம் பதில் இல்லை. வீடு, வகுப்பறை, கோயில் திருவிழா, கடை, இதில் எது தனிப்பட்டது?

அதே வாரம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதிக்குச் சாப்பிடப் போன உறவினர் ஒருவர் போட்டோ அனுப்பினார். குழந்தைகள் தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் நம்ம பூனை. நண்பன் கூப்பிட்டுக் கேட்டான். "காசு குடுத்துத்தானே சார் வாங்கினோம்? அதுவுமில்லாம, சிற்பம் பொதுச்சொத்து, உங்களுது எப்படி ஆவும்?" என்றார்கள். போனை வைத்துவிட்டு நண்பன் என்னைப் பார்த்தான். "அவங்க சொல்றதும் நியாயந்தானேடா? பல்லவன் பூனைக்கு நான் எப்படி ஓனர்?"

அவன் அதை நம்பவே ஆரம்பித்துவிட்டான் என்பதுதான் எனக்கு வலித்தது. பாதி உண்மைதான். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பத்துக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. அதே பூனையை நாளைக்கு இன்னொருவர் போய் உட்கார்ந்து வரைந்து விற்கலாம், நாம் தடுக்க முடியாது. ஆனால் கல்லில் தேய்ந்த இடத்தில் கோடு எங்கே போக வேண்டும், எந்த எலியை விடலாம் என்று முடிவு செய்தது இவன். அந்த வரைபடம் இவனுடையது. எங்கள் குறிப்பு இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லவே இல்லை. விடுதிக்காரர் அந்த இடைவெளியில்தான் புகுந்தார்.

இன்னொன்றும் படித்துத் தெரிந்துகொண்டேன். நம் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. அதன்படி, உரிமம் எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த எல்லைக்குள் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். சிங்கப்பூர் ஆசிரியைக்கு நாங்கள் மனதார "தாராளமா எடுத்துக்குங்க" என்று சொன்னாலும், காலமும் எல்லையும் எழுதாத அனுமதி அரைகுறைதான். மௌனத்தை வாங்குகிறவர் ஒருவிதமாக நிரப்புவார், சட்டம் இன்னொரு விதமாக நிரப்பும். இரண்டுமே நாம் நினைத்ததாக இருக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக் கோயில் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்து திரும்ப எழுதினோம். நான் படிப்பேன், அவன் வாங்க வந்தவன் மாதிரி குறுக்குக் கேள்வி கேட்பான். பதில் குறிப்பில் இல்லாவிட்டால் ஒரு வரி சேரும். கடைசியில் நின்றது இது:

> இது டிஜிட்டல் கோப்பு. தபாலில் எதுவும் வராது. படத்தில் உள்ள சட்டகமும் கலர் பென்சிலும் சேராது.
>
> கிடைப்பவை: இரண்டு பிடிஎஃப் கோப்புகள். ஒன்று ஏ4, மற்றது லெட்டர். இரண்டிலும் அதே 12 கறுப்பு வெள்ளைப் படங்கள், 300 புள்ளி. உங்கள் தாளுக்கு உரியதைத் திறந்து அச்சடியுங்கள். போஸ்டர் அளவுக்கு ஏற்றதல்ல.
>
> செய்யலாம்: வீட்டில் எத்தனை முறையும் அச்சடிக்கலாம். ஆசிரியர் தன் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் தரலாம். எந்த நாட்டிலும், கால வரம்பின்றி.
>
> கூடாது: கோப்பைப் பிறருக்கு அனுப்புவது, குழுக்களில் பகிர்வது, அச்சடித்தோ பொருளில் பதித்தோ விற்பது, உணவகம் விடுதி போன்ற வியாபார இடங்களில் பயன்படுத்துவது. இவற்றுக்குத் தனி உரிமம் உண்டு, கேளுங்கள்.
>
> சிற்பங்கள் எல்லோருக்கும் சொந்தம். இந்தக் கோட்டோவியங்களின் உரிமை வரைந்தவருக்கு.

ஆசிரியைக்கு இதையே அனுப்பினோம். பக்கத்து வகுப்பு ஆசிரியையும் தனியாக ஒன்று வாங்கிக்கொண்டார். விடுதிக்காரருக்கும் அனுப்பினோம். பழைய குறிப்பைப் பார்த்து வாங்கியவர், அதனால் சண்டை போடவில்லை, இனிமேலுக்கு உரிமம் வேண்டுமா என்று மட்டும் கேட்டோம். இன்னும் பதில் வரவில்லை.

போட்டு முடித்த பிறகு நண்பன் ஒரு வரி சேர்க்கச் சொன்னான். "கல்லு தேஞ்ச எடத்துல நானா போட்டதுன்னு எழுதுடா. நேர்ல வந்து பாக்குறவன் ஏமாந்துறக் கூடாது." எழுதினேன்: "சிற்பம் தேய்ந்துள்ள இடங்களில் கோடு ஓவியருடைய கற்பனை." வாங்குகிறவருக்காக அவன் சொன்ன வரி அது. அவன் உரிமைக்கான சாட்சியும் அதே வரிதான் என்று நான் சொன்னபோது சிரித்தான்.